பதினாலு செக்கன்

ஒரு குறும்படத்தை எடுத்து முடிச்ச பிறகுதான் அதை எப்பிடித் திட்டமிட்டிருக்க வேணும் எண்டு எங்களுக்கு விளங்கியது. படம் பன்னிரண்டு நிமிசம். அதில் பதினாலு செக்கன் ஓடுகிற ஒரு ஷொட்டால் எங்கட திட்டம் முழுக்கக் குலைந்து போனது. அந்தப் பதினாலு செக்கனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற ஏழு பேர். படிப்புக்காக ஒரு குறும்படம் செய்து 2023 நவம்பர் கடைசியில் குடுக்க வேணும். எங்களில் ஒருத்தியின் பெரியம்மா விசுவமடுவில் இருக்கிறா. 2009 தொடக்கத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டு, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010 கடைசியில் திரும்பி வந்தவ. வந்த நேரம் வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. கிணற்றை இறைக்க ஆள் பிடிச்சு, சேறும் ஓடும் தகரமும் அள்ளி வெளியில் போட்டபோது, அடியிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அது அவவின் மூத்த மகனுடையது. மகன் திரும்பி வரேல்லை. இந்தக் கதையைப் பெரியம்மா எங்களுக்கு ஒருநாள் இரவு, மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டு, ஒரு ஐஞ்சு நிமிசத்துக்குள் சொல்லி முடிச்சா. "படமா எடுக்கலாமா பெரியம்மா?" எண்டு கேட்டம். "எடுங்கோவன்" எண்டா.

கடதாசியில் இருந்த படம்

ஓகஸ்டில் கதையை எழுதினம். எட்டுப் பக்கம் வந்தது. ஒரு பக்கம் ஒரு நிமிசம் எண்டு எல்லா இடமும் சொல்லுவினம். அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் தட்டச்சு செய்த திரைக்கதைக்குத்தான் பொருந்தும். நாங்கள் கொப்பியில் கையால் எழுதினது. ஒருத்தர் போனில் நேரம் பிடிக்க, மற்றவை பேசி, நடந்து, வாளியைக் கிணற்றுக்குள் விடுகிற மாதிரிக் கையை அசைத்துப் பார்த்தபோது பதின்மூன்று நிமிசம் வந்தது. வசனம் குறைந்த படத்துக்கு இப்பிடி நடித்துப் பார்த்து நேரம் எடுக்கிறதுதான் சரி. "அவள் கயிற்றை இழுக்கிறாள்" எண்ட ஒரு வரி திரையில் ஒரு நிமிசம் ஓடும்.

பிறகு கதையைப் பிரிச்சம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு துண்டுக் கடதாசி. அதில் இடம், உள்ளேயா வெளியேயா, பகலா இரவா, ஆர் ஆர் வேணும், என்ன சாமான் வேணும் எண்டு எழுதினம். அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பி, கதையின் வரிசையை மறந்துவிட்டு, இடத்தையும் வெளிச்சத்தையும் வைத்து அடுக்கினம். கிணற்றடிக் காட்சிகள் படத்தில் மூண்டு இடத்தில் வரும். எடுக்கும்போது எல்லாம் ஒரே நாள்.

எந்த மாதம் எடுக்கிறது எண்டதை முடிவு செய்தது காற்றும் தண்ணியும். யூன், யூலையில் வன்னியில் சோளகக் காற்று நிற்காது. மைக்குக்கு மயிர் உறை போட்டாலும் வசனத்துக்குப் பின்னால் இரைச்சல் கேட்கும். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு மழை. எங்களுக்குத் தண்ணி அடியில் கிடக்கிற கிணறு வேணும். செப்டெம்பரில் காற்றும் அடங்கத் தொடங்கும், கிணறும் வத்தியிருக்கும். அதனால் செப்டெம்பர் 15, 16, 17 எண்டு வைச்சம். அதுக்கு இரண்டு கிழமைக்கு முதல் அங்கே போய், படம் எடுக்கப்போற அதே நேரத்தில் நிண்டு, பத்து நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டம். கண்ணுக்குத் தெரியாத கனக்க விசயம் காதில் விழுந்தது. பக்கத்துக் காணியில் தண்ணி மோட்டர் காலமை ஆறரைக்குத் தொடங்கும். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு லான்மாஸ்டர் ஒழுங்கையால் போகும். கோயிலில் எப்ப திருவிழா எண்டும் கேட்டு வைச்சம். ஒலிபெருக்கி கட்டிவிட்டால் ஊரில் ஒரு வசனமும் பதிய ஏலாது.

விதானையாரிட்டச் சொன்னம். எங்கட கடிதத்தின் ஒரு பிரதியைப் பொலிசுக்கும் குடுத்தம். மேலேயிருந்து எடுக்க ட்ரோன் வைச்சால் நல்லாயிருக்கும் எண்டு ஒருத்தர் சொன்னார். அதுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வரைக்கும் போக வேணும். கதைக்கு அது தேவையுமில்லை, விட்டிட்டம்.

திரைக்கதையைப் பெரியம்மாவுக்கு வாசிச்சும் காட்டினம். கிணற்றடிக் காட்சியில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கயிற்றில் சைக்கிள் மேலே வருகிறது. அம்மா பார்க்கிறாள்." அவ கேட்டுக்கொண்டிருந்தா. "ஓம், அப்பிடித்தான் வந்தது" எண்டா. நாங்கள் அட்டவணையில் 'பெரியம்மா அனுமதி' எண்ட வரிக்குச் சரி போட்டம். எங்கட பெரிய பிழை அந்தச் சரி. இதை எழுதுகிறபோதுதான் அது தெளிவாகத் தெரியுது.

இரண்டாம் நாள் பின்னேரம்

படப்பிடிப்பு ஆறு மணிக்குத் தொடங்கும். பதினொண்டிலிருந்து இரண்டரை வரைக்கும் வெளியில் ஒண்டும் எடுக்கிறேல்லை. உச்சி வெயிலில் முகத்தில் கண் இரண்டும் கறுப்புக் குழியாய்த் தெரியும். அந்த நேரத்துக்கு வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளை வைச்சிருந்தம். வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு ரெஜிபோம் மட்டை, நிழலுக்கு ஒரு பெரிய குடை. விளக்கு எண்டு எங்களிட்ட இருந்தது அவ்வளவுதான்.

கமரா இரவல். எங்கட படத்தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி போகும். அதனால் 64 ஜிபி கார்ட் ஒண்டு கிட்டத்தட்ட எண்பது நிமிசத்துக்குத்தான் காணும். ஒவ்வொரு நாளும் மத்தியானமும் இரவும் இரண்டு ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, பிரதியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கிறது. ஒரு டிஸ்க் ஒருத்தரோட, மற்றது வேற வீட்டில் படுக்கிற இன்னொருத்தரோட. இந்த ஒரு விசயத்தில் நாங்கள் பிழை விடேல்லை.

பிழை விட்டது ஷொட் பட்டியலில். இரண்டாம் நாளுக்குப் பதினேழு ஷொட். பட்டியலில் எல்லா ஷொட்டும் ஒரே மாதிரிக் கிடந்தது. எது இல்லாவிட்டால் படம் நிற்காது, எதை விட்டாலும் சமாளிக்கலாம் எண்டு நாங்கள் குறிச்சு வைக்கேல்லை.

சைக்கிளை இரும்புக்கடையில் வாங்கினது. செயின் இல்லை, முன் சில்லு நெளிஞ்சது. அதைக் கிணற்றுக்குள் இறக்கி, கப்பியில் இழுத்து மேலே கொண்டுவர வேணும். முதல் ரேக்கில் ஹாண்டில் கிணற்றுக்கட்டில் கொழுவியது. இரண்டாவதில் கயிறு சுத்தி, சைக்கிள் கமராவுக்கு முதுகைக் காட்டியது. ஒவ்வொரு ரேக்குக்கும் திரும்ப இறக்கி, கட்டை அவிழ்த்துக் கட்டி, நனைச்சு, கட்டில் விழுந்த ஈரத்தைத் துடைக்க இருபது நிமிசத்துக்கு மேல் போனது. மூண்டாவது ரேக் சரியாக வந்தபோது மணி ஐஞ்சே முக்கால். வெயில் பனைக்குப் பின்னால் போயிட்டுது. சைக்கிள் மெல்ல மேலே வந்து, தலைகீழாய்த் தொங்கி, சில்லிலிருந்து தண்ணி ஒழுக ஒழுக, அரைவாசி சுத்தி நிண்டது. எல்லாரும் மூச்சுவிடாமல் பார்த்தம். "கட்" எண்ட பிறகு ஒருத்தர் கைதட்டினார்.

மிச்சம் மூண்டு ஷொட் இருந்தது. கயிற்றை இழுக்கிற கை. கிட்ட இருந்து முகம். தண்ணியின் மேல்பரப்பு. வெளிச்சம் இல்லை. "பரவாயில்லை, மெயின் ஷொட் வந்திட்டுதுதானே" எண்டு விட்டம்.

இப்ப யோசிச்சால், கை ஷொட்டுக்குச் சைக்கிளே தேவையில்லை. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிவிட்டு நாலு மணிக்கே, பதினைஞ்சு நிமிசத்தில் எடுத்திருக்கலாம். சிக்கலான ஷொட் ஒரு பக்கத்தில் இருந்தால், அதுக்கு முன்னால் அதே இடத்தில் சுகமாய் எடுக்கக்கூடியதை எடுத்து முடிக்க வேணும். ஏனெண்டால் சிக்கலானது எவ்வளவு நேரம் தின்னும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மணிக்கூட்டைப் பார்த்து, "இது இரண்டாவது ரேக், இனி ஒரு ரேக்தான், அதுக்குப் பிறகு கை ஷொட்" எண்டு சொல்ல ஒரு ஆளும், அந்த ஆள் சொன்னால் மற்றவை கேட்கிற வழக்கமும் வேணும். பெரிய படங்களில் உதவி இயக்குநரின் முக்கால்வாசி வேலை அதுதான். எங்களிட்ட ஏழு பேரும் இயக்குநர்.

பெரியம்மா அந்த மூண்டு நாளும் கிணற்றடிப் பக்கம் வரேல்லை. நாங்களும் கூப்பிடேல்லை. அவவுக்குக் கஸ்டமாயிருக்கும் எண்டு நாங்களே முடிவு செய்திட்டம்.

வெட்டுகிற மேசையில்

மூண்டு நாளில் இரண்டு மணி நாப்பது நிமிசம் எடுத்திருந்தம். பன்னிரண்டு நிமிசப் படத்துக்கு அது காணும். முதல் எல்லாத்தையும் கதை வரிசையில் ஒட்டிப் பார்த்தம், பத்தொன்பது நிமிசம் வந்தது. பிறகு குறைச்சுக் குறைச்சு ஒரு கரட்டு வெட்டுக்கு வந்தம்.

கிணற்றடிக் காட்சியில் சைக்கிள் ஷொட்டுக்குப் பிறகு எங்கே வெட்டுகிறது எண்டு தெரியேல்லை. முகம் இல்லை, கை இல்லை, தண்ணி இல்லை. போக வேற இடமில்லாததால் சைக்கிளிலேயே நிண்டம். பதினாலு செக்கன். அதைப் பார்த்த மேற்பார்வை விரிவுரையாளர், "அந்த ஷொட்டில் பொறுமை இருக்கு" எண்டு பாராட்டினார். நாங்களும் கொஞ்ச நாளில் அது எங்கட பாணி எண்டு நம்பத் தொடங்கினம். அட்டவணையில் ஏற்பட்ட ஓட்டை எண்டதை மறந்திட்டம்.

ஆக்களுக்குப் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கிறதையும் ஒழுங்காகத்தான் செய்தம். கதை தெரியாத நாலு நண்பர்களுக்கு முதல் காட்டினம். அவையிட்ட "எப்பிடி இருக்கு" எண்டு கேட்கிறேல்லை, கேட்டால் "நல்லாயிருக்கு மச்சான்" எண்டுதான் வரும். "கதையைச் சொல்லு, என்ன நடந்தது?" எண்டு கேட்டம். சைக்கிள் ஆருடையது எண்டு இரண்டு பேருக்கு விளங்கேல்லை. அதனால் தொடக்கத்தில் சுவரில் மகன் சைக்கிளோடு நிற்கிற படத்தை ஒரு செக்கன் கூட்டினம். பிறகு விரிவுரையாளர். பிறகு ஒக்டோபர் 20 இல் படத்தைப் பூட்டினம்.

பூட்டுகிறது எண்டால், இனி ஒரு வெட்டும் அசையாது எண்டு ஏழு பேரும் ஒப்புக்கொள்ளுறது. அதுக்குப் பிறகுதான் ஒலி வேலை. காற்று, காகம், கப்பிச் சத்தம், தண்ணி ஒழுகிற சத்தம் எண்டு பதினொரு தடத்தில் அடுக்கினம். நிறத்தைச் சரி செய்தம். சிங்களத்தில் உபதலைப்பு போட்டம், முப்பத்தெட்டு வரி. எல்லாம் படத்தின் நேரத்தோடு தைச்சது. அதனால்தான் பூட்டின பிறகு வருகிற ஒரு சின்ன மாற்றமும் பூட்ட முதல் வருகிற பெரிய மாற்றத்தை விட வேலை கூட.

எங்கட கணனியில் அப்ப இருந்த கோப்புகள்:

```
kinaru_v6_lock
kinaru_v6_sound
kinaru_v6_sound_color_FINAL
```

நவம்பர் 4, சனிக்கிழமை. 'FINAL' எண்ட கோப்பை லப்ரொப்பில் கொண்டு விசுவமடுவுக்குப் போனம். பெரியம்மாவுக்குக் காட்டுறது எங்கட அட்டவணையில் ஒரு நன்றி சொல்லுகிற நிகழ்ச்சி மாதிரி, கடைசி வரியில் இருந்தது.

தேத்தண்ணி

விறாந்தையில் கதிரையில் லப்ரொப்பை வைச்சு, வெளிச்சத்துக்குச் சாக்கைக் கட்டி மறைச்சு, ஓடவிட்டம். அவ வடிவாய்ப் பார்த்தா. வீடு வருகிறபோது சிரிச்சா. அம்மாவாய் நடிச்ச அக்கா சீலையைச் செருகின விதம் சரியெண்டா. ஏழு நிமிசம் நாப்பத்திரண்டாவது செக்கனில் சைக்கிள் மேலே வந்தது. அவ எழும்பி, "பொறுங்கோ, தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சிட்டு வாறன்" எண்டு குசினிக்குள் போனா.

படம் முடியிற நேரம் வந்தா. "நல்லாயிருக்குப் பிள்ளையள். கஸ்டப்பட்டு எடுத்திருக்கிறியள்."

அதோட முடிச்சிருக்கலாம். நாங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டிருக்கலாம். எங்களில் ஒருத்தன் மட்டும், கருத்துக் கேட்கிறபோது வழக்கமாய்ச் செய்கிற மாதிரி, அவ எழும்பின நேரத்தைக் கொப்பியில் குறிச்சிருந்தான். பஸ் ஏறின பிறகுதான் காட்டினான்: 7:42. அடுப்பில் ஏற்கெனவே கேத்தில் இருந்தது, நாங்கள் வந்த உடனேயே வைச்சவ எண்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு, அதுவும் பிள்ளையளுக்கு, முகத்துக்கு நேரே குறை சொல்ல அவவுக்கு வராது. எங்கட ஊரில் ஆருக்கும் வராது. ஏழு பேர் சுத்தி நிண்டு "பிடிச்சதா?" எண்டு கேட்டால் "ஓம்" எண்டதைத் தவிர வேற மறுமொழி இருக்க இடமில்லை. அதனால் ஆக்கள் என்ன சொல்லுகினம் எண்டதோட, எப்ப எழும்பினம், எப்ப போனைப் பார்த்தினம், எப்ப கதைக்கத் தொடங்கினம் எண்டதையும் எழுதி வைக்க வேணும்.

அடுத்த கிழமை பெறாமகள் மட்டும் தனியப் போனாள். இரண்டு பேரும் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற நேரம் கேட்டாள். பெரியம்மா சொன்னது இதுதான்: "சைக்கிள் வாறதைக் காட்டுங்கோ. அது வந்ததுதானே. ஆனா அவன்ர சைக்கிள அவ்வளவு நேரம் தொங்கவிடாதேங்கோ."

நாங்கள் வாசிச்சுக் காட்டின வரியில் 'தொங்குகிறது' எண்ட சொல் இல்லை. 'பதினாலு செக்கன்' எண்ட நேரமும் இல்லை. அவ ஒப்புக்கொண்டது ஒரு வசனத்துக்கு. படத்துக்கு இல்லை.

யோன் ரூஷ் எண்ட பிரெஞ்சு இயக்குநருக்கு நைஜர் ஆற்றில் நடந்த ஒரு சம்பவம் வகுப்பில் படிச்சது அப்பதான் ஞாபகம் வந்தது. 1951 இல் அவர் சோர்க்கோ மீனவர்கள் நீர்யானை வேட்டையாடுகிறதைப் படமாக்கினார். சில வருசம் கழிச்சு, அதே ஆக்களுக்கு அவையின் ஊரிலேயே திரையிட்டார். வேட்டைக் காட்சிக்கு அவர் வேட்டைக்காரருக்கு உசார் ஏத்துகிற அவையின்ர பாட்டையே பின்னணியாய்ச் சேர்த்திருந்தார். பார்த்த வேட்டைக்காரர், வேட்டையில் சத்தமே இருக்கக்கூடாது, அந்தப் பாட்டைக் கேட்டால் நீர்யானை ஓடிப்போயிடும் எண்டு சொல்லிச்சினம். ரூஷ் பாட்டை எடுத்துவிட்டார். பிறகு படம் எடுத்த ஆக்களுக்கே காட்டிக் கேட்கிறதைத் தன்ர வேலையின் ஒரு பகுதியாய் வைச்சிருந்தார். எங்களுக்கு அதில் உறைச்சது ஒண்டுதான். பாட்டு அந்தக் காட்சிக்கு அழகு எண்டு நினைச்சுத்தான் அவர் போட்டிருப்பார். அது பிழை எண்டு தெரிய, கடதாசியை விட்டுத் திரைக்கு முன்னால் அந்த ஆக்கள் இருக்க வேண்டியிருந்தது.

பூட்டைத் திறந்தது

முதல் இலகுவான வழியைப் பார்த்தம். பதினாலு செக்கனில் பதினொண்டை வெட்டி, மூண்டை மட்டும் விட்டம். இரண்டு விசயம் உடைஞ்சது. ஒண்டு, அந்த இடத்துக்குப் பிறகு வருகிற எல்லாம் பதினொரு செக்கன் முன்னால் வந்தது. ஒலித் தடங்களில் இரண்டைத் தனியாய் ஏற்றுமதி செய்து வைச்சிருந்ததால் அவை பழைய இடத்திலேயே நிண்டன. கதவு மூடின பிறகுதான் மூடுகிற சத்தம் கேட்டது. மிச்ச உபதலைப்புகளும் பிந்தி வந்தன. இரண்டாவது, காட்சியே செத்துப்போனது. சைக்கிள் வந்து போனது பார்க்கிற ஆளுக்கு உறைக்க முதல் அடுத்த நாள் காட்சி வந்திட்டுது. அந்த இடத்துக்கு நேரம் தேவைதான். அந்த நேரம் முழுக்கச் சைக்கிளைக் காட்டத் தேவையில்லை.

எங்களுக்குத் தேவைப்பட்டது எடுக்காமல் விட்ட அந்தக் கை ஷொட். மூண்டு செக்கன் சைக்கிள், பதினொரு செக்கன் கை. மொத்தம் அதே பதினாலு. நீளம் மாறாவிட்டால் பின்னால் ஒரு சத்தமும், ஒரு வரியும் அசையாது. பூட்டின படத்தைத் திறக்கத்தான் வேணும் எண்டால், எடுத்த அளவுக்கே திரும்ப வைக்கிறதுதான் சேதம் குறைந்த வழி.

நவம்பர் 18 இல் அரை நாள் போனம். மழை தொடங்கியிருந்தது. செப்டெம்பரில் அடியில் கிடந்த தண்ணி இப்ப கட்டுக்குக் கிட்ட. அகலமாய் ஒரு ஷொட்டும் எடுக்க ஏலாது. கையை மட்டும் எடுக்கிறதால் தப்பினம். வெளிச்சத்தைப் பற்றித்தான் பயந்தம், ஆனால் செப்டெம்பரில் அந்த ஷொட்டை எடுத்ததே வெயில் பனைக்குப் பின்னால் போன பிறகுதான். நிழல் விழாத மெல்லிய வெளிச்சம். முகில் மூடின நவம்பர்க் காலமையும் அதே மாதிரி. கொஞ்சம் நீலம் கூட, அதை நிறம் சரி செய்கிற இடத்தில் மஞ்சளுக்குத் திருப்பினம். படப்பிடிப்பு நாட்களில் உடுப்பையும் கையையும் போனில் படம் எடுத்து வைச்சதால், அக்காவின் இடக் கையில் இரண்டு காப்பு, வலக் கையில் ஒண்டும் இல்லை எண்டதும் தெரிந்தது.

இந்த முறை பெரியம்மாவைக் கூப்பிட்டம். வாறதும் விடுகிறதும் அவவின் விருப்பம் எண்டு சொன்னம். வந்து கட்டுக்குப் பக்கத்தில் நிண்டா. அக்கா இழுக்கத் தொடங்கின உடனே, "அப்பிடி இல்லைப் பிள்ளை" எண்டு மறிச்சா. கயிற்றைப் பிடிச்சு இழுத்துக்கொண்டே போகிறேல்லையாம். பாரமான சாமான் எண்டால் ஒரு காலைக் கட்டில் ஊண்டி, ஒரு கை இழுக்க மற்றக் கை கயிற்றை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிற்க வேணுமாம். இல்லாட்டி கை வழுக்கினால் எல்லாம் திரும்ப உள்ளே போயிடும். அக்கா அப்பிடிச் செய்தா. ஒரு கை இழுக்க, மற்றது பிடிச்சுக்கொண்டு நிற்கிற அந்த இடைவெளிதான் படத்தில் இப்ப இருக்கு. நாங்கள் செப்டெம்பரில் அந்த ஷொட்டை எடுத்திருந்தாலும் பிழையாகத்தான் எடுத்திருப்பம். அவவைக் கிணற்றடிக்குக் கூப்பிடாமல் விட்டதால் என்ன இழந்தம் எண்டு அப்பதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை `kinaru_v7` ஐக் கொண்டுபோனம். இந்த முறை மூண்டு பேர் மட்டும். அவ தேத்தண்ணியை முதலே போட்டுக் கொண்டு வந்து வைச்சிருந்தா. படம் முடியும் வரைக்கும் எழும்பேல்லை. முடிஞ்ச பிறகும் ஒண்டும் சொல்லேல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவன்ர படத்தை இன்னும் கொஞ்சம் நேரம் வைச்சிருக்கலாம்" எண்டா. சுவரில் இருக்கிற அந்த ஒரு செக்கன் படத்தைச் சொன்னா.

அதைக் கூட்டினால் தொடக்கத்திலிருந்தே எல்லாம் அசையும். படத்தைக் குடுக்க ஐஞ்சு நாள் இருந்தது. அண்டு இரவு பார்த்தம். அந்தப் படத்துக்கு முன்னால் வெறும் சுவர் இரண்டு செக்கன் ஓடுது. சுவரில் இரண்டைக் குறைச்சு, மகனில் இரண்டைக் கூட்டினம். நீளம் அதே. ஒண்டும் அசையேல்லை.

இப்ப அடுத்த படத்துக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறம். கதைக்குரிய ஆள் படத்தைப் பார்க்கிறது எண்ட வரி கரட்டு வெட்டுக்கும் பூட்டுக்கும் நடுவில் இருக்கு. அதுக்குப் பின்னால் இரண்டு கிழமை வெறுமையாய் விட்டிருக்கிறம், அதில் ஒரு அரை நாள் திரும்பப் போய் எடுக்க.